கடைசி எண் மாறிப்போன அழைப்பு

அன்புள்ள மகனுக்கு,

நானும் அப்பாவும் நலம். நீயும் நலம்தான் என்று, மாதத்துக்கு ஒருமுறை நீ அனுப்பும் கட்டைவிரல் படத்தைப் பார்த்து முடிவு செய்துகொள்கிறோம். நீ பேசி நான்கு மாதம் ஆகிறது. வேலை மும்முரம், தெரியும், உலகமே உன் தலையில்தானே சுற்றுகிறது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் தையல் கடையில் ஒரு சட்டைக்குக் கழுத்துப்பட்டை வைத்துக்கொண்டிருந்தேன். வாயில் நாலு குண்டூசி. போன் அடித்தது. கண்ணாடியைத் தேட நேரமில்லை, நீதானோ என்ற ஆசையில் எடுத்துவிட்டேன். எடுத்ததும், "அம்மா! எப்படிம்மா இருக்கீங்க? முழங்கால் வலி தேவலையா? சாப்பிட்டீங்களா?" என்று ஒரு பிள்ளை அவ்வளவு ஆசையாகக் கேட்டான். ஊசியோடு நான் என்ன பதில் சொல்ல? குரலும் கொஞ்சம் உன்னுடையது போலவே இருந்தது. ஆனால் சாப்பிட்டீங்களா என்றானே, அப்போதே தெரிந்துவிட்டது, அது நீ இல்லை.

போன முறை நீ எனக்குப் பெரிய வகுப்பு எடுத்தாயே, தெரியாதவனிடம் பேரைச் சொல்லாதே, ஊர்க்கதை பேசாதே, மரியாதையாகச் சொல்லிச் சட்டென்று வை என்று. பாடத்தை மறக்கவில்லை, வாத்தியாரே. ஊசியைத் துப்பிவிட்டு, "தம்பி, நம்பர் மாறி வந்திருக்கு. நீங்க யாருக்குப் போட்டீங்களோ அந்த நம்பரைப் படிங்க" என்றேன். என் எண்ணை நான் சொல்லவில்லை. அவனே படித்தான், கடைசியில் ஒன்பது. இங்கே ஆறு. அவன் அம்மா புது நம்பர் வாங்கியிருக்கிறாள், இவன் கையால் அழுத்தும்போது தவறிவிட்டது. "அது இது இல்ல தம்பி, கடைசி எண்ணைப் பாத்துப் போடுங்க" என்றேன். மூன்று தடவை மன்னிப்புக் கேட்டான். "உங்க குரலும் எங்க அம்மா மாதிரியே இருக்குங்க" என்று இழுத்தான். உண்மையைச் சொல்கிறேன், இன்னும் கொஞ்ச நேரம் பேசமாட்டானா என்றுதான் எனக்கு இருந்தது. முழங்கால் வலி எனக்கும் இருக்கிறதே, கேட்க ஆள்தான் இல்லை. ஆனாலும் அந்தப் பக்கம் ஒருத்தி போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாளே. அவள் பங்கை நான் தின்னலாமா? "பரவாயில்ல தம்பி, அம்மா காத்திட்டிருப்பாங்க, சீக்கிரம் போடுங்க, நல்லா இருங்க" என்று வைத்துவிட்டேன். மொத்தம் ஒரு நிமிடம் பத்து வினாடி. நீ பேசும் நேரத்தைவிட அதிகம்தான், மன்னித்துக்கொள்.

யார் என்று அப்பா கேட்டார். ராங் நம்பர் என்றேன். அவர், நீ உன் நம்பரை எழுதிக்கொடுத்த காகிதத்தை எடுத்துவந்து, என் போனில் இருக்கும் உன் எண்ணோடு ஒவ்வொரு எண்ணாக ஒத்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. ஒரு எண்ணாவது தப்பாக இருக்கக்கூடாதா என்றிருந்தது எங்கள் இருவருக்கும்.

இருமலுக்கு வெந்நீர் குடி, இருமல் இருந்தால். இருக்கிறதா என்று யாருக்குத் தெரியும். உடம்பும் மனசும் திடமாக நீ நூறு வயது இருக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, வாயில் ஊசியும் இருக்காது.

இப்படிக்கு,
சரியான நம்பரிலேயே இருக்கும்
உன் அம்மா