மேரி சொல்லாத சொல்

இன்று காலை குக்கர் எத்தனை விசில் அடித்தது என்பதைத் தவறவிட்டேன். பருப்பு அடிப்பிடித்து வீடெல்லாம் தீய்ந்த வாடை. உடனே உன்மீதுதான் எரிச்சல் வந்தது. வேறு யார்மீது வரும்? நம் கதைக்குள் குக்கரைக் கொண்டுவந்து வைத்தவள் நீதானே!

தியாகதுருகத்து வாசகர் வட்டம் போடுகிற தொகுப்புக்காக நாம் இருவரும் சேர்ந்து எழுதிய கதை. ஒரே ஒரு பத்தி பாக்கி. கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் பேருந்தின் ஓட்டுநருடைய மனைவி மேரி. அவளைப் பற்றி நீ எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்:

“மாலையிலிருந்து மழை. மேரி குக்கரை அடுப்பில் வைத்தாள். பேருந்து இன்னும் வரவில்லை. வாசல் வரை போய்ப் பார்த்தாள். சாலையில் யாரும் இல்லை. உள்ளே வந்தாள்.”

“இத அவ மனசுக்குள்ள பூந்து எழுதுடி. நடந்தது எதுவும் மாறக்கூடாது, ஆனா படிக்கிறவங்களுக்கு வயித்தக் கலக்கணும்” என்று என் தலையில் கட்டினாய். என்னமோ கீரை ஆய்ந்து தரச் சொல்வதுபோல!

‘நெஞ்சு படபடத்தது, பயம் அவளைக் கவ்வியது’ என்று எழுதிக் கொண்டுவந்தேன். பாதியிலேயே தாளைத் திருப்பித் தந்தாய். “இது நீ சொல்றது. அவ எங்க? பயந்தவ பயம்னு சொல்லிக்கினா இருப்பா?”

சரியென்று வாக்கியங்களை வெட்டினேன். ‘மழை... பஸ்... ஐயோ...’ என்று பத்தி முழுக்கப் புள்ளி வைத்தேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். “இன்னாடி இது, ஓடியாந்து மூச்சு வாங்கறவ மாதிரி கீது? கவலப்படறவ நிறுத்த மாட்டா. ஒண்ணுலேர்ந்து ஒண்ணுக்குத் தாவிக்கினே இருப்பா. நிறுத்துனா அது வந்துடுமில்ல?”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அடுத்த முறை பேருந்து பள்ளத்தில் கவிழ்வதாக மேரியை நினைக்க வைத்தேன். அன்று நீ சிரிக்கவில்லை. உன் வீட்டுக்காரர் மலைப் பேருந்து ஓட்டுகிறவர் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். “அந்த வார்த்த அவ நெனப்புல கூட வரக்கூடாது. வூட்ல நாங்க ‘வரல’ன்னுகூட சொல்ல மாட்டோம். வந்துகினே இருக்குன்னுதான் சொல்லுவோம்.”

அப்படியானால் நீயே எழுதித் தொலைக்க வேண்டியதுதானே என்று கத்தினேன். “என்னால முடியாதுடி” என்றாய். ஏன் முடியாது என்று கேட்கவிடாமல் உனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் டாக்டர் வெளியே வந்து உன் வீட்டுக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். நான் உன் ஃபிளாஸ்க்கின் மூடியைத் தேடிக்கொண்டிருந்தேன். பெஞ்சுக்கு அடியில் விழுந்திருக்குமோ, பெருக்குகிற அம்மா எடுத்து வைத்திருப்பாரோ, மூடி இல்லாவிட்டால் கஞ்சி ஆறிவிடுமே, ஆறினால் நீ குடிக்க மாட்டாயே. அவர் பேசி முடிக்கும்வரை மூடியைத் தவிர வேறு எதையும் நான் நினைக்கவில்லை. ஒரு பத்தியைச் சொல்லித்தர உனக்கு வேறு வழியே கிடைக்கவில்லையா? பாவி!

அடிப்பிடித்த குக்கரை ஊறப்போட்டுவிட்டு இன்று எழுதினேன். கேள்:

“மழைதானே. மழைன்னா மெதுவாத்தான் ஓட்டணும், மெதுவா ஓட்டுனா நேரம் ஆவத்தான் செய்யும், வந்துகினே இருக்கும். மூணா நாலா? மூணு விசில். இல்ல, மொதல்ல வந்தது விசில் இல்ல, வெறும் ஆவி. நாலுன்னா கொழஞ்சிடும், கொழஞ்சா அவருக்குப் புடிக்காது, வந்ததும் திட்டுவாரு, திட்டட்டும், வந்து திட்டுனா போதும். வாசல்ல தண்ணி நிக்குதான்னு பாத்துட்டு வரலாம். தண்ணிதான், ஜாஸ்தி இல்ல. ரோட்ல ஒருத்தரும் இல்ல. மழையில யாரு வருவாங்க, வூட்லதான் இருப்பாங்க. அந்த வளைவுல... மூணுதான். மூணு விசில்தான். வந்துகினே இருக்கும்.”

நீ எழுதியதில் எதையும் மாற்றவில்லை. அதே மழை, அதே குக்கர், அதே வாசல். பயம் என்ற சொல் கிடையாது. புள்ளி வைத்து உடைத்தது ஒரே இடத்தில், அந்த வளைவில் மட்டும். அங்கே மேரி சட்டென்று விசிலுக்கு ஓடிவிடுகிறாள். சரியாக வந்திருக்கிறதா? வாயைத் திறந்து சொல்லேன். திருப்பித் தருவதற்காவது ஓர் ஆள் வேண்டாமா? எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

மதியம் தாளை எடுத்துக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குப் போனேன். டைப் அடிக்கும் கடைத் தம்பிக்கு உன் விஷயம் தெரியாது. தாளை வாங்கிக்கொண்டே என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

“இன்னொரு மேடம் வரலீங்களா?”

என் கை குடையை மடக்கிக்கொண்டிருந்தது. கம்பி ஒன்று வளைந்திருக்கிறது, மாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

“வந்துகினே இருப்பாங்க” என்றேன்.