மூக்கன்கள் கிளம்பிய மாலை

அக்டோபர் 12

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. துடைத்துக்கொண்டே பறவைப் படத்தின் பன்னிரண்டாவது காட்சிக்கு வர்ணனை வரி யோசித்தேன். பட்டைவால் மூக்கன் என்கிற நீள அலகுப் பறவை ஒன்று சேற்றில் அலகை விடுகிறது, எடுக்கிறது, மறுபடி விடுகிறது. இருபது விநாடி. "இயற்கையின் அற்புதமான இந்தச் சின்னஞ்சிறு பயணி" என்று எழுதி அனுப்பினேன். ஐந்தே நிமிடத்தில் போன். படத்தொகுப்பு செய்பவள்தான். எங்கள் அலுவலகத்தில் அவளுக்குக் கத்திரி என்று பெயர்.

"அது எத்தனாவது தடவ புழு புடிக்குது?"

"எண்ணல."

"மொதல்ல எண்ணு. அற்புதம்னு பாக்குறவன் சொல்லணும். நீ முந்திக்கிட்டுச் சொன்னா அவனுக்கு என்ன வேலை?"

பத்து வருஷமாக வர்ணனை எழுதுகிறேன், எனக்கே பாடம். கடுப்பில் போனை வைத்தேன். வயிற்றுக்குள்ளிருந்து ஓர் உதை வந்தது. யாருக்குப் பரிந்துகொண்டு உதைத்ததோ!

அக்டோபர் 13

எண்ணினேன். அந்த இருபது விநாடியை நாற்பது தடவையாவது ஓட்டியிருப்பேன்.

ஆறு முறை ஒன்றும் அகப்படவில்லை. ஏழாவது முறை முகம்வரைக்கும் சேற்றில் புதைத்துக்கொண்டு அப்படியே நிற்கிறது. சேற்றுக்குள்ளே அலகின் நுனி மட்டும் தனியாகத் திறக்குமாம், விரல் மாதிரி தடவிப் பார்க்குமாம். பறவை ஆராய்ச்சிக்காரரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன். பிறகு இழுக்கிறது, ஆனால் வெடுக்கென்று அல்ல.

எழுதியது: "ஆறு முறை ஏமாற்றம். ஏழாவது முறை, நிற்கிறது. மெதுவாக இழுக்கிறது. அவசரப்பட்டால் புழு அறுந்துவிடும்."

பதினொரு வார்த்தை. பத்து விநாடிக்குப் பதினைந்துக்கு மேல் போனால் குரல் கொடுப்பவருக்கும் மூச்சு முட்டும், பார்ப்பவருக்கும் முட்டும். மீதி நேரம் சும்மா இருக்க வேண்டும். சும்மா இருப்பதுதான் எனக்கு வராதே.

கத்திரி "ம்" என்றாள். அவள் "ம்" சொன்னால் மாலை போட்ட மாதிரி.

அக்டோபர் 15

எழுதிவிடுகிறேன். எத்தனை நாள் சுற்றி வளைப்பது?

படத்தில் ஒரு பெரிய ஓட்டை. மூக்கன்கள் வடக்கே குஞ்சு பொரித்துவிட்டு இந்தக் கழிமுகத்துக்கு வந்து, தின்று தின்று உடம்பை இரண்டு மடங்காக்குகின்றன. கிளம்புவதற்கு முன் இரைப்பையும் குடலும் சுருங்கிவிடுகின்றன, வழியில்தான் சாப்பாடே இல்லையே. பிறகு ஒரு மாலையில் எழும்பினால், பதினோராயிரம் கிலோமீட்டருக்கு அப்பால்தான் தரை. நடுவில் முழுக்கக் கடல். தண்ணீரில் உட்கார முடியாது. ஏறக்குறைய ஒன்பது நாள் இறக்கையை அடித்துக்கொண்டே போக வேண்டும். இடம் காட்டும் குட்டிக் கருவியை முதுகில் சுமந்த பறவைகள் சொன்ன கணக்கு இது.

ஒரு மணி நேரப் படமும் அந்த எழும்பலுக்காகத்தான். அது எங்களிடம் இல்லை.

காரணம் நான்.

கேமரா என் வீட்டுக்காரர்தான். இவர் சேற்றோரம் மறைப்புக் கூடாரத்தில் இருபத்துமூன்று நாள் உட்கார்ந்தார். விடியும் முன் உள்ளே போவார், இருட்டிய பின்தான் வெளியே. செப்டம்பர் 28, மாலை. எனக்கு லேசாக ரத்தம் பட்டது. ஆறாம் மாதம். போனில் இவரைக் கூப்பிட்டு அழுதேன். பக்கத்து வீட்டு அக்காதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். டாக்டர் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லம்மா, நாலு நாள் படுத்திருங்க" என்றார். இவர் உடம்பெல்லாம் சேறோடு ஓடி வந்தார். மறுநாள் விடியும் முன் நானே விரட்டி அனுப்பினேன். அங்கே ஒரு பறவைகூட இல்லை.

"அன்னைக்கு எல்லாம் தூங்கிட்டுத்தான் இருந்துச்சு. அப்புறம் எப்பவோ போயிருக்கு. விடு" என்றார்.

அதற்குப் பிறகு அந்த நாளைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. வாயில் கொழுக்கட்டை வைத்துக்கொண்ட மாதிரி இருக்கிறார்.

அக்டோபர் 16

மாத்திரை எடுத்துக் கொடுத்தார், கால் வீக்கத்துக்குத் தலையணை வைத்தார், போய்விட்டார். நான்கு வார்த்தை பேசியிருப்பார்.

அக்டோபர் 18

தயாரிப்பாளர் வேறு யாரோ எடுத்த எழும்பல் காட்சி ஒன்றை வாங்கி வந்திருந்தார். கூட்டம் கூட்டமாகப் பறக்கிறது, பின்னால் ஆரஞ்சு வானம், அழகுதான். "இதைச் சேர்த்துடுங்க. ‘அந்த மாலை அவை கிளம்பின’ன்னு ஒரு வரி போதும்."

நான் படத்தை அந்த இடத்திலேயே நிறுத்தினேன். இறக்கையில் பளிச்சென்று வெள்ளைப் பட்டை, வால் நுனி கறுப்பு. கருவால் மூக்கன். எங்கள் பறவையே இல்லை.

"யாருக்குத் தெரியப் போவுது?" என்றார்.

இவர் சுவரோரம் நின்றிருந்தார். எனக்குத்தான் பொத்துக்கொண்டு வந்தது. "எனக்குத் தெரியுது சார். ஒரு மணி நேரம் பாரு பாருன்னு கண்ணைத் திறக்க வெச்சுட்டு, கடைசியில கண்ணுல மண்ணைத் தூவணுமா?"

வெள்ளிக்கிழமை வரை நேரம் கொடுத்தார். அதற்குள் ஒரு முடிவு கிடைக்காவிட்டால் கருவாலன்தான். வெளியே வந்தபோது இவர் என் கைப்பையை வாங்கிக்கொண்டார். நான் செய்த வினைக்கு நானே பரிகாரம் தேட வேண்டும், வேறென்ன?

அக்டோபர் 19

செப்டம்பர் 29 காலை எடுத்த காட்சியைக் கத்திரி போட்டுக் காட்டினாள். யாரும் அதைச் சீண்டவே இல்லை. பதினோரு நிமிடம், வெறும் சேறு.

வெறும் சேறு அல்ல. துளைகள். அலகு விட்ட துளைகள், ஆயிரக்கணக்கில். அங்கங்கே இரட்டைத் துளை, பக்கத்தில் மூன்று விரல் தடம். முந்தின இரவு கடலேற்றம் சிறியது, மேட்டுச் சேற்றை அது தொடவில்லை. காலை ஏற்றம் வந்தது. தண்ணீர் ஓரத்திலிருந்து நுழைந்து ஒவ்வொரு துளையாக நிரப்புகிறது. நிரம்பும்போது ஒரு குமிழி வருகிறது. பிறகு துளை இல்லை.

மாலை இவரைக் கேட்டேன், எதற்குப் பதினோரு நிமிடம் எடுத்தீர்கள் என்று.

"வேற என்ன இருந்துச்சு எடுக்க?"

சட்டையை மடித்துக்கொண்டே சொன்னார்.

அக்டோபர் 20

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

அந்தக் காட்சிக்குத் தண்ணீர் ஏறும் சத்தம் தேவைப்பட்டது. இவர் பதிவேட்டில், நாள் 23, அதாவது செப்டம்பர் 28, மாலைக்கு நேரே "ஒன்றுமில்லை, ஏற்ற நீர் மட்டும்" என்று இருந்தது. சரி, அதுவே போதும் என்று திறந்தேன். ஒலிப்பதிவுக் கருவி கூடாரத்தில் நாள் முழுக்க ஓடும். ஒரு மைக் நீண்ட கம்பியோடு பறவைகள் பக்கம். இன்னொன்று உள்ளே, இவர் குறிப்பு முணுமுணுக்க.

ஒன்றுமில்லையாமே!

5.31. இவர் குரல், கிசுகிசுப்பாக. "காத்து திரும்பிடுச்சு. வடக்குலேர்ந்து." முதுகில் தள்ளும் காற்று. அதற்குத்தான் அவை காத்திருந்தன. 5.36. "குளிக்குதுங்க. இறக்கையைக் கோதுதுங்க. ஒண்ணுகூட மேயல." 5.40. "அறுபத்து நாலு. தனியா ஒதுங்கிடுச்சுங்க." பின்னால் கூப்பாடு. சாதாரணமாக மேயும்போது மூக்கன் எப்போதாவதுதான் ஒரு குரல் கொடுக்கும். மூன்று வாரமாகக் கேட்டுக் கேட்டு எனக்கே பழகிவிட்டது. இது அப்படியில்லை. ஒன்று மாற்றி ஒன்று, விடாமல், வேகமாக. கிளம்பப் போகிற கூட்டம். இது எனக்கே தெரிகிறதென்றால் இவருக்குத் தெரியாதா?

5.43. போன் அதிர்கிறது.

"சொல்லும்மா... என்னது?... ரத்தமா? அழாத. அக்காவைக் கூப்பிடு. நான் வரேன்... இல்ல, இங்க ஒண்ணும் நடக்கல. எல்லாம் தூங்குது. வரேன்."

இவர் பேசும்போதே அறுபத்து நான்கும் கத்துகின்றன.

அப்புறம் உள்மைக்கில் மௌனம். அப்புறம் ஜிப் திறக்கும் ஓசை. பறவைகள் மிரளாமலிருக்கப் பின்பக்கமாகத் தவழ்ந்து போகும் சரசரப்பு. கேமரா ஓடவே இல்லை. சிவப்புப் பொத்தானை அழுத்த எவ்வளவு நேரம் ஆகும்? இருபது வருஷக் கேமராக்காரன்—

5.52. இறக்கைகள். குரல்கள் மேலே போகின்றன. ஒரு சுற்று. திரும்பி நம் தலைக்கு மேலேயே வந்து, தெற்கே போய்த் தேய்கின்றன. அப்புறம் ஏற்ற நீர் மட்டும்.

ஏங்க, ஏங்க இப்படிப் பண்ணீங்க? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நான் ஒரு பைத்தியக்காரி, நீங்க என்மேல கோவமா இருக்கீங்கன்னு...

அக்டோபர் 21

கேட்கவில்லை. எப்படி ஆரம்பிப்பது?

அக்டோபர் 22

எழுதி முடித்தேன். எழும்பல் காட்சி வேண்டாம். துளைகள் நிரம்பும் காட்சிமேல், முந்தின மாலையின் சத்தம். நேற்றைய சத்தம் என்று நேராகவே சொல்லிவிடுகிறேன், ஒளிக்கவில்லை.

"இரவு ஏற்றம் இந்தச் சேற்றைத் தொடவில்லை. நேற்று தின்ற தடம் அப்படியே இருக்கிறது.

அறுபத்து நான்கு மூக்கன்கள். கிளம்பும்போது கூடாரத்தில் யாரும் இல்லை. ஒலிப்பதிவுக் கருவி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

நேற்று மாலை, ஐந்து ஐம்பத்திரண்டு."

நாற்பது விநாடிக்கு வார்த்தை கிடையாது.

பிறகு: "இனி ஒன்பது நாள், கால் வைக்க இடமில்லை. வழியில் தூங்குமா? யாருக்கும் உறுதியாகத் தெரியாது. இந்தக் கூட்டத்தில் சில, பிறந்து நான்கு மாதம்கூட ஆகாதவை."

கத்திரி படித்துவிட்டு, "நாப்பது விநாடி சும்மா இருக்கியா, நீயா?" என்றாள்.

அக்டோபர் 24, வெள்ளி

இன்று தயாரிப்பாளருக்குப் போட்டுக் காட்டினோம். இவரையும் வரச் சொன்னேன். ஒலிக்கூடத்தில் பின்வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

குரல்கள் ஆரம்பித்ததும் இவர் முழங்கையை என் விரல்கள் தேடிப் பிடித்தன. அப்போதுதான் எனக்கு உறைத்தது, இவர் இதை இதுவரை கேட்டதே இல்லை. பதிவைத் திறக்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டார். இறக்கைச் சத்தம் தலைக்கு மேலே வந்தபோது, அந்த இருட்டுக்குள்ளே கண்ணைத் திறந்து, நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். திரையில் கடைசித் துளையும் நிரம்பியது.

விளக்குப் போட்டதும் தயாரிப்பாளர் கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "இப்படியே போகட்டும்" என்றார். கத்திரி மூக்கை உறிஞ்சிவிட்டுச் சளி பிடித்திருக்கிறது என்றாள்.

எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். நாங்கள் மட்டும் இருந்தோம்.

"உள்ள இருந்த மைக்கையும் கேட்டியா?" என்றார்.

"கேட்டேன். எல்லாம் தூங்குதுன்னு ஒரு புளுகு வேற."

சிரிக்கவில்லை. தலை குனிந்திருந்தார். "போனை வெச்சதும் உடனே கிளம்பல நான். நாலு விநாடி நின்னேன். நீ அங்க அழுதுட்டிருக்க, நான் அதுங்களையே பாத்துக்கிட்டு நின்னேன். கேமராவைத் தொடக்கூடத் தோணல, சும்மா பாத்தேன். அப்புறம் உன் மூஞ்சியப் பாத்து எப்படிப் பேசறது? அதான்..."

இருபத்தாறு நாளாக இதையா சுமந்துகொண்டு திரிந்தார் இந்த மனுஷன்? எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"ஆறு" என்றேன்.

"என்ன?"

"நாலு இல்ல, ஆறு விநாடி. எண்ணினேன்."

என்னைப் பார்த்தார். எத்தனை நாள் கழித்து நேராக.

"ஆறு விநாடிக்கு ஒம்பது வார்த்தை போடலாமே. நீ என்ன போடுவே?"

"ஒண்ணும் போடமாட்டேன்" என்றேன். "பாத்தீங்கல்ல, போதும்."

கையைப் பிடித்து எழுப்பினார். டீ ஆறிப்போயிருக்கும் என்று சொல்லிக்கொண்டே படிக்கட்டில் மெதுவாக, எனக்கு ஒரு படி முன்னால் இறங்கினார்.