மேல் தட்டு ஏன் மெதுவாகக் காய்கிறது

அன்புள்ள வாயாடிக்கு,

நலமா என்று கேட்டு அனுப்பிய செய்திகளுக்கெல்லாம் நீல டிக் மட்டும்தான் வந்தது. போனில் பேசினால் கத்திவிடுவேன், குழுவில் எழுதினால் மற்ற இருவரும் சேர்ந்துகொள்வார்கள். அதனால்தான் கடிதம். உன்னைத் தவிர யாரும் படிக்க வேண்டாம்.

நம் ப்ராஜெக்டுக்கான சூரிய உலர்த்தி தயார். பெட்டிக்குக் கண்ணாடி போட்டாயிற்று, விசிறி சுற்றுகிறது. தக்காளித் துண்டுகளை மூன்று தட்டிலும் அடுக்கி, மணிக்கொரு தரம் எடை பார்த்து, சென்சார் காட்டும் வெப்பத்தைக் குறித்து, வெளியே வெயிலில் காய்வதோடு ஒப்பிட வேண்டும். அது நீயாகக் கேட்டு வாங்கிய பகுதி. அது இல்லாமல் முடிவுகள் அத்தியாயத்தில் ஒரு வரி எழுத முடியாது. கேட்கும்போதெல்லாம் "கிட்டத்தட்ட முடிஞ்சிடுச்சு" என்றாய். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். வேலையைச் சின்னச் சின்னதாகப் பிரித்துத் தேதி போட்டோம், நீயும் சரி என்றாய். தேதி போனது, நீயும் ஊருக்குப் போய்விட்டாய்.

இன்று பட்டறைக்குப் பின்னால் மூன்று பேரும் உட்கார்ந்தோம். சட்டத்தை வெல்டிங் செய்து கை பொத்துப்போன நம் 'வெல்டர்' அறிக்கையிலிருந்து உன் பேரையே எடுத்துவிடலாம் என்றான். உலர்த்திக்கு டிசைன் போட்ட 'சோடாபுட்டி' அதைவிட மோசம். நாமே அளவுகளைக் கற்பனையாக எழுதி அவள் பேரில் போட்டுவிடுவோம், யாருக்குத் தெரியும் என்றாள். இரண்டுக்கும் முடியாது என்றேன். உனக்காக வக்காலத்து வாங்குகிறேன் என்று இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

வழிகாட்டி மேடத்திடம் போனேன். பேரை எடுக்கும் உரிமை உங்களுக்கு இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அவள் எதைச் செய்வதாக ஒப்புக்கொண்டாள், எதுவரை வந்திருக்கிறது என்று கேட்டார். கூட்டக் குறிப்புகளைக் காட்டினேன். அடுத்து, "ஏன் முடியலன்னு அவகிட்ட கேட்டியா? என்கிட்ட வரப்போறதையாவது சொன்னியா?" என்றார். எப்போது முடியும் என்று மட்டும்தானே நான் கேட்டிருக்கிறேன்.

அதனால் இப்போது கேட்கிறேன். ஏன் முடியவில்லை? சென்சார் புரியவில்லையா? உடம்பு சரியில்லையா? எங்கள் மேல் ஏதாவது வருத்தமா? எதுவானாலும் சொல். வெயில் இருக்கும்போதே அளவுகளை நாங்கள் மூவரும் முறைவைத்து எடுத்து அனுப்புகிறோம். ஒப்பீடும் வரைபடமும் விளக்கமும் உன்னுடையது. வெள்ளிக்கிழமைக்குள் வர வேண்டும். வந்தாலும் வராவிட்டாலும் யார் எதைச் செய்தோம் என்று ஒவ்வொருவரும் மேடத்துக்குத் தனித்தனியாக எழுதித் தர வேண்டும். வாய்மொழித் தேர்வில் கேள்விகளும் தனித்தனி, மதிப்பெண்ணும் தனித்தனி. நான் உள்ளதைத்தான் எழுதுவேன். உன் முதுகுக்குப் பின்னால் எழுதியதாக இருக்கக் கூடாது என்றுதான் முன்கூட்டியே சொல்கிறேன்.

ஒரு வரியாவது எழுது.

உன் அறைத்தோழி

*

அன்புள்ள வாயாடிக்கு,

தேர்வு முடிந்ததும் வாசலில் என்னை நிறுத்தி, "நீயுமா எழுதின?" என்று கேட்டாய். பதிலுக்குக் காத்திராமல் பஸ் ஏறிவிட்டாய். இதுதான் பதில்: நானும்தான் எழுதினேன்.

எழுதியது இதுதான். அளவுகள் எடுத்தது நாங்கள் மூவர். ஒப்பீடும் வரைபடங்களும் அவளுடையவை; வெள்ளிக்கிழமை தாண்டி வந்தன, ஆனால் சரியாக இருந்தன. சென்சார் புரியாமல் திணறியதாகப் பிறகுதான் சொன்னாள். முதல் மாதமே நாங்கள் கேட்டிருக்க வேண்டும். ஒரு சொல் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

அன்று நால்வரும் ஒன்றாக உட்கார்ந்திருந்த தேர்வறையில், மேல் தட்டு ஏன் மெதுவாகக் காய்கிறது என்று மேடம் உன்னைத்தான் கேட்டார். சூடான காற்று கீழிருந்து ஏறும்போதே ஈரத்தை வாங்கிக்கொள்கிறது, மேலே போகும்போது சூடும் குறைந்துவிடுகிறது, வாங்க இடமும் இல்லை என்று பிசிறில்லாமல் சொன்னாய். வெல்டர் உன்னை நிமிர்ந்து பார்த்தான். இந்த அளவுகளை நீ எடுத்தாயா என்பது அடுத்த கேள்வி. ஆமாம் என்று நீ சொல்லியிருந்தால் நாங்கள் என்ன செய்திருப்போம் என்று எனக்குத் தெரியாது. "இல்ல மேடம். இவங்க மூணு பேரும்தான் எடுத்தாங்க" என்றாய்.

உன் மதிப்பெண் எங்களுடையதைவிடக் குறைவு. தேறிவிட்டாய், ஆனால் குறைவு. அதை நான் சமாதானம் சொல்லி மூட மாட்டேன். வெல்டருக்கு இன்னும் கோபம் தீரவில்லை. சோடாபுட்டி மட்டும் நீ எப்போது வருவாய் என்று இரண்டு தரம் கேட்டாள்.

அறிக்கையை அடுத்த வாரம் பைண்டிங்குக்குக் கொடுக்க வேண்டும். முதல் பக்கத்தில் நான்கு பெயர்கள் இருக்கின்றன. மூன்று பேர் கையெழுத்துப் போட்டுவிட்டோம். உன் இடத்தில் வேறு யாரும் போட முடியாது, நான் போடவும் விடமாட்டேன்.

கோபம் ஆறிய பிறகுதான் வர வேண்டும் என்றில்லை. கோபத்தோடேயே வா. கட்டிலில் உன் போர்வையை மடித்து வைத்திருக்கிறேன். வந்து என்னோடு நன்றாகச் சண்டை போடு.

உன் அறைத்தோழி