தாருகியைப் பிரிதல்

2015 மார்ச் 3, செவ்வாய்

குவைத்திலிருந்து தங்கை நில்மினி போனில் பேசினாள். இருபதாம் தேதி ஒரேயடியாக வருகிறாள். மாத்தறையில் வேலை கிடைத்திருக்கிறதாம். "அக்கா, பிள்ளையக் கூட்டிட்டுப் போயிடுறேன்."

அவள் பெற்ற பிள்ளைதான். பதினொரு மாதத்தில் விட்டுப்போனாள். இப்போது ஐந்து வயது. தாருகி அம்மா என்பது என்னைத்தான்.

மார்ச் 5, போயா, பௌர்ணமி

விகாரையில் எப்போதும் போல புத்தர் தினமும் நினைக்கச் சொன்ன ஐந்தையும் நினைத்தேன். மூப்பு எனக்கு இயல்பு. நோய் எனக்கு இயல்பு. சாவு எனக்கு இயல்பு. எனக்குப் பிரியமான எல்லாம் மாறும், என்னை விட்டுப் பிரியும். நான் செய்ததே என் சொத்து.

பதினோரு வருடம், தினமும். இன்று நாலாவதில் வாய் வரவில்லை.

மார்ச் 9, திங்கள்

பற்றை விடப் பழகுகிறேன். தாருகிக்குத் தனிப்பாய். தலைவாரி விடுவது இனி என் புருஷன் விமலசிறி.

மார்ச் 11, புதன்

"அம்மா, என்மேல கோவமா?" என்று கேட்டாள். குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

விமலசிறி பின்னாலேயே வந்தார். "நீ பற்ற விடல சுமனா. பிள்ளையத்தான் விட்டுட்ட."

எப்போதும் கேலி பேசும் மனுஷன். இன்று சிரிக்கவில்லை.

மார்ச் 12, வியாழன்

விடியலில் நாலாவதிலேயே உட்கார்ந்தேன். நெஞ்சில் கல். விரட்டாமல் பார்த்தேன். இறுகியது, சூடானது, தளர்ந்தது, திரும்ப வந்தது. ஒரு மூச்சளவுகூட ஒரே மாதிரி இல்லை.

தவழ்ந்த தாருகி எங்கே? என் விரலைப் பிடித்தபடியே தூங்கியவள் எங்கே? அவர்கள் எப்போதோ போய்விட்டார்கள், நான் அழவே இல்லையே. அப்படியானால் யாரைப் பிடித்துவைக்கப் பார்க்கிறேன்?

இரண்டு பாயையும் ஒன்றாகப் போட்டேன்.

மார்ச் 14, சனி

ஐந்தாவது. நான் செய்தது.

நில்மினி போனில் பிள்ளையைக் கேட்டபோதெல்லாம் "தூங்குறா" என்றேன். முக்கால்வாசி நாள் பிள்ளை விழித்துத்தான் இருந்தாள். என் மடியில்.

மார்ச் 20, வெள்ளி

வந்துவிட்டாள். இளைத்திருக்கிறாள். தாருகி என் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்தாள். சமையலறையில் நில்மினியிடம் சொன்னேன்: "தூங்குறான்னு சொன்னதெல்லாம் பொய்டி."

தேங்காய் திருவிக்கொண்டிருந்தவள் நிறுத்தவில்லை. "தெரியும்க்கா. அவ சிரிக்கிறது கேக்கும். அதக் கேட்டுட்டு வச்சிடுவேன்."

ஐயோ. அடித்திருக்கலாம் என்னை.

மார்ச் 29, ஞாயிறு

போய்விட்டார்கள். தாருகி பஸ்ஸில் ஏறாமல் "அம்மா, நீயும் வா" என்று கத்தினாள். அவள் விரல்களை ஒவ்வொன்றாக என் கையிலிருந்து நானே எடுத்து நில்மினி கையில் வைத்தேன்.

மார்ச் 30

எழுத ஒன்றுமில்லை.

ஏப்ரல் 6, திங்கள்

ஐந்தையும் மனப்பாடம் பண்ணியவளுக்கு வலிக்காது என்று யார் சொன்னது? வலிக்கிறது. "என்னுடையவள்" என்று நினைத்தால் கூடுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

மே 10, ஞாயிறு

தாருகி பேசினாள். "பெரியம்மா, எனக்குப் பல் விழுந்திடுச்சு!"

பெரியம்மா.

"மேலயா, கீழயாடி?" என்றேன்.

"கீழ! அம்மா கூரைமேல போட்டாங்க!"

"நல்லா தூரமாப் போட்டாங்களா?" என்று கேட்டேன்.