பூட்டிய கடைக்கு அழைத்த ரீல்

"கடை வாசல்ல நிக்கிறோம்மா. பூட்டியிருக்குது. அப்பாவுக்கு இந்த இட்லிதான் வேணுமாம்."

இன்று காலை ஆறே காலுக்கு, முன்பின் தெரியாத ஒருவர் நம் ரீல் பக்கத்துக்கு இப்படி அனுப்பியிருந்தார். கீழே ஒரு படம். இறக்கிய ஷட்டருக்கு முன் ஒரு பெரியவர் பைக்கில் சாய்ந்து நிற்கிறார். இந்த வாரம் இப்படி வந்தது இது மூன்றாவது. உன்னிடம்தான் சொல்ல வேண்டும். வேறு யாருக்கும் இது ஒரு ரீல், அவ்வளவுதான்.

நீ படம் பிடிப்பாய், நான் எழுதுவேன். ஏனாத்தூர் கல்லூரியில் படித்த காலத்திலிருந்தே அப்படித்தான். தாளின் நடுவில் கோடு கிழித்து, இடப்பக்கம் கண்ணுக்குத் தெரிவது, வலப்பக்கம் காதுக்குக் கேட்பது. முக்கால் நிமிடத்துக்கு எண்பது வார்த்தைக்கு மேல் எழுதினால் அடித்துவிடுவாய். "மொதல் மூணு செகண்டுல பசிக்க வைக்கணும்டி. பேரு, ஊரு எல்லாம் அப்பால" என்பாய். ஆவியை வெயிலுக்கு எதிரே வைத்துத்தான் எடுப்பாய். எழுத்தைத் திரையின் நடுவில் போடச் சொல்வாய்; அடியில் போட்டால் பட்டன்கள் மறைத்துவிடுமாம். கேப்ஷனில் முதல் வரி மட்டும்தான் வெளியே தெரியும், மீதியை எவரும் திறந்து படிக்க மாட்டார்கள் என்பதும் நீ சொன்னதுதான்.

இன்னொன்றும் சொல்வாய்: போடுவதற்கு முந்தின நாள் ஒவ்வொரு கடைக்கும் நேரில் போய்ப் பார்த்துவிட வேண்டும்.

கடைசியாக எடுத்த அன்று நான் வரவில்லை. என் பாப்பாவுக்குக் காய்ச்சல். நீ தனியாகவே சின்ன காஞ்சிபுரம் போய் பொங்கல் வண்டி, வடைச் சட்டி, கோபுரத்தடி காபி, கடைசியில் அக்கா கடைக் கோயில் இட்லி என்று வரிசையாக எடுத்து அனுப்பினாய். இட்லி வெந்த மூங்கில் குடலையைக் கவிழ்த்து, மந்தாரை இலையை உரித்து, மிளகும் சீரகமும் தெரிய அக்கா வில்லை போடுகிறார். வாயில் வைக்கும் காட்சி மட்டும் இல்லை. போனைப் பிடிக்க ஆளில்லையே. இரண்டாம் நாள் லாரி உன் வண்டியில் மோதியது.

நீ போன பிறகு ஐந்து மாதம் அந்த வீடியோத் துண்டுகளைத் திறக்கவில்லை. வியாபாரம் படுத்துவிட்டது என்று அக்கா புலம்பியபோது, ரீல் போட்டுத் தருவதாக நீ வாக்குக் கொடுத்திருந்தாய். அதையாவது முடிக்கலாம் என்று போன மாதம் உட்கார்ந்தேன். "வயிறு காலியா? அப்படியே வாங்க. வழியில எதுவும் தின்னுடாதீங்க." இதுதான் முதல் வரி. என் குரலிலேயே பேசி, துண்டுகளின் சத்தத்தையெல்லாம் அணைத்துவிட்டு மேலே ஒட்டினேன். கேப்ஷனில் கடை திறக்கும் நேரம், எந்தத் தெரு முனை, எல்லாம் எழுதினேன். நேரில் மட்டும் போகவில்லை. விடிகாலையில் பாப்பாவை விட்டுவிட்டுக் கிளம்ப எனக்கு இப்போது பயம். நான் வருவதற்குள் அவளுக்கு ஏதாவது ஆகிவிடும் என்றே தோன்றுகிறது.

நம் ரீல்களிலேயே அதிகம் பேர் பார்த்தது இதுதான். அதைப் போட்டபோது அக்கா முட்டி தேய்ந்து, கடையை மூடிவிட்டு வந்தவாசியில் மகள் வீட்டுக்குப் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. பக்கத்துக் காபிக் கடைக்காரர் என் போன் எண்ணைக் கொடுக்க, அக்காவே கூப்பிட்டார். திட்டவில்லை.

"இன்னாமா, சாப்பிட வாங்கன்னு கூப்ட்டு ஜனங்கள பட்டினியா அனுப்பிக்கினு கீற? நானு கட வச்ச நாளுல ஒருத்தர அப்டி அனுப்புனதில்லமா."

கேப்ஷனை மாற்றலாம், மாற்றினேன். முதல் வரியிலேயே கடை இல்லை என்று எழுதினேன். பேசிய வரியை மாற்ற முடியாது. பார்க்கிறவர்கள் கேட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள், படிப்பதில்லை. ரீலையே நீக்கிவிட்டால் தீர்ந்தது. ஆனால் இட்லித் தட்டை வாங்க நீளும் கை உன்னுடையது. நீ அகப்பட்டுக்கொண்ட ஒரே ரீல் அது. அதனால்தான் மூன்று வாரம் இழுத்தேன். அந்தப் பெரியவரின் படத்தைப் பார்த்த பிறகு இன்று நீக்கிவிட்டேன்.

நீக்கும் முன் உன் கை வரும் அந்தத் துண்டை மட்டும் தனியாகத் திறந்தேன். நான் அணைத்திருந்த சத்தம் அதில் அப்படியே இருந்தது. நீ அக்காவிடம் சொல்கிறாய்: "எனக்கு இது போதுங்க்கா. இன்னொரு வில்ல கட்டிக் குடு, மொளகு இல்லாத எடமா பாத்து. அவ கொழந்த ரெண்டு நாளா ஒண்ணும் துன்னல."

அன்று நீ என் வீட்டு கேட்டில் மாட்டிவிட்டுப் போன பொட்டலம் அதுதான். காய்ச்சல் குழந்தைக்குக் கடைப் பண்டமா என்று பயந்து, பிரிக்காமலே குப்பையில் போட்டேன். சாயங்காலம் நீ போனில் கேட்டாய், பாப்பா சாப்பிட்டாளா என்று.

சாப்பிட்டாள் என்றேன். நன்றாக இருந்தது என்றும் சொன்னேன்.