தாது வருடத்து மாசி

என் அண்ணைக்கு, நீங்கள் போன பிறகும் உங்களோடு வாதாடி முடியாத தங்கச்சி எழுதுவது.

உங்கள் புத்தகத்தின் மறுபதிப்பு வந்துவிட்டது. அச்சுத்தாள் கிடைக்காததால் கோடு போட்ட கொப்பித்தாளில் அடித்திருக்கிறார்கள். ஒவ்வொரு வரியின் நடுவாகவும் ஒரு நீலக்கோடு ஓடுகிறது. என்றாலும் நன்றாகவே வாசிக்க முடிகிறது. நாகமணிப் புலவர் இறந்தது 1876 என்பதையும் வாசிக்க முடிகிறது.

ஏன் அண்ணை?

அந்த வரியை நான் முதன்முதலில் சந்தேகித்தது உங்கள் வீட்டு விறாந்தையில்தான். முதுகலை ஆய்வுக்கு நாகமணிப் புலவரை எடுத்திருந்தேன். உயர்தர வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் மனப்பாடம் செய்யும் உங்கள் இலக்கிய வரலாற்றிலிருந்துதான் தொடங்கினேன். புலவர் இறந்ததும் அவருடைய ஆட்கள் பாடிவைத்த திதி வெண்பாவை நீங்களே அடிக்குறிப்பில் முழுதாகத் தந்திருந்தீர்கள். தாது வருடம், மாசி மாதம், தேய்பிறைச் சதுர்த்தி. அதற்கு நேரே மேலே 1876 என்று எழுதியிருந்தீர்கள்.

எங்கள் வருடம் சித்திரையில் பிறக்கிறது. தாது பிறந்தது 1876 சித்திரையில். அந்த வருடத்தின் மாசி வருவதற்குள் இங்கிலீசுக் கலண்டர் 1877க்குப் போய்விடும். 1876இன் மாசியில் நடந்தது யுவ வருடம். தாது அப்போது பிறக்கவே இல்லை. வருடப் பெயருக்கு நேரே ஒரேயோர் ஆங்கில ஆண்டைப் போட்டிருக்கும் அட்டவணையைப் பார்த்து எழுதினால் தை, மாசி, பங்குனியில் இறந்த எல்லோரும் ஒரு வருடம் முந்திச் செத்துப்போவார்கள். யாருக்கும் வரக்கூடிய பிழை. அதனால்தான் பயமில்லாமல் உங்களிடம் வந்தேன்.

"அண்ணை, தாது வருசத்து மாசியெண்டால் எழுபத்தேழெல்லே வரும்?"

நீங்கள் பேப்பரைத் தாழ்த்தவில்லை. "ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. உங்கடை அடிக்குறிப்பிலையே கிடக்கு."

"எனக்குப் பஞ்சாங்கம் படிப்பிக்க வந்திட்டியோ?"

"ஒரு வருசம்தானே அண்ணை, திருத்திவிட்டாப் போச்சு."

அப்போதுதான் பேப்பரைக் கீழே வைத்தீர்கள். "ஒரு வருசம்தான். அந்த ஒரு வருசத்திலை தான் பூட்டனார் நிக்கிறார். தெரியுமோ உனக்கு?"

எனக்குத் தெரிந்திருக்கவில்லை. வீட்டுக்குப் போய் அடுத்த அத்தியாயத்தை வாசித்தபோதுதான் விளங்கியது. நீர்வேலிக் கோயிலுக்குப் புதுத்தேர் செய்து, 1877 தைப்பூசத்துக்கு முதன்முதலாக இழுத்தார்கள். அந்தத் தேரைப் பாடும் பதிகம் அதே ஆண்டில் அச்சானது. முகப்புத்தாளில் நாகமணிப் புலவர் பாடியது என்றிருக்கிறது. பதிப்பித்தவர் என்று அவருடைய மாணவரான எங்கள் பூட்டனாரின் பெயர். நீங்கள் என்ன எழுதினீர்கள்? 1876இல் இறந்தவர் 1877இல் ஓடிய தேரைப் பாடியிருக்க முடியாது. ஆகவே பாடியவர் மாணவரே. குருபக்தியினால் ஆசிரியரின் பெயரைப் போட்டார்.

எவ்வளவு அழகான வாதம்! கீழே ஒரேயோர் ஆண்டை உருவிவிட்டால் முழுதும் சரிந்துவிடும். புலவர் தைப்பூசத்துக்குத் தேரைப் பார்த்தார், பாடினார், அடுத்த மாதம் இறந்தார். அவ்வளவுதான் நடந்தது. பூட்டனார் ஒரு நல்ல மாணவராக அதை அச்சில் ஏற்றினார். அந்தப் பெருமை எங்களுக்குப் போதாதா?

போதவில்லை. வாசிகசாலையில் பூட்டனாரின் படத்தைக் கவியென்று எழுதி மாட்டுவித்தீர்கள். பூசத்தன்று ஒலிபெருக்கியில் பதிகத்தை அவர் பெயரில் அறிவிப்பித்தீர்கள். புலவரின் வழியில் மிஞ்சியிருந்த இராசம்மாக்கா கூட்டத்தில் நின்று அதைக் கேட்பாராம். "எங்கடை வீட்டிலை அந்தப் பாட்டைப் பாடித்தான் பிள்ளையளை நித்திரையாக்கினது. இப்ப ஆரின்ரையோ பாட்டெண்டு கைகூப்பிக் கேக்கவேண்டிக் கிடக்கு" என்று என்னிடம் சொன்னார். அதை உங்களிடம் வந்து சொன்னேன். "அவையளுக்கு உப்பிடித்தான் கதைக்கத் தெரியும்" என்றீர்கள்.

ஆய்வரங்கில் நான் கட்டுரை வாசித்தபோது முன்வரிசையில் இருந்தீர்கள். பிழையைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எழும்பி நின்று, "சொந்தக் குடும்பத்தின்ரை பெயரைச் சந்தியிலை விக்கிறதுக்குப் பெயர் ஆராய்ச்சியோ?" என்றீர்கள். மண்டபம் சிரித்தது. என் மேற்பார்வையாளர் உங்கள் நண்பர். அந்த அத்தியாயத்தை எடுத்துவிடச் சொன்னார். எடுக்கவில்லை. பட்டம் வரப் பிந்தியது. என் கலியாணத்துக்கும் நீங்கள் வரவில்லை. தாலி கட்டும்போது வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், தெரியுமா?

பிறகு நீங்கள் படுத்துவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டு ஆசுப்பத்திரிக்கு ஓடி வந்தேன். மருந்து வெளியிலிருந்து வரவேண்டும், சண்டையால் பாதை பூட்டியிருந்தது. மெலிந்துபோயிருந்தீர்கள். அப்போது நான் ஆண்டைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. நீங்களாகத்தான் சொன்னீர்கள்: "ஓம், நீ சொன்னது சரிதான். புதுப் பதிப்பு அச்சுக்குப் போகுது. புரூப் வந்தால் மாத்திவிடுறன்."

அந்த ஒரு வசனத்துக்காக எல்லாவற்றையும் மன்னித்தேன். செத்த வீட்டில் நான் அழுத அழுகை அந்த வசனத்துக்கும் சேர்த்துத்தான்.

போன கிழமை உங்கள் மனைவி, மச்சாள், மறுபதிப்பைக் கையில் தந்தார். "வெளியீட்டிலை நீயும் நாலு வார்த்தை கதைக்கவேணும். புரூப் எல்லாம் அவரே படுக்கையிலை வைச்சுப் பாத்தவர்" என்றார். அந்தப் பக்கத்தைப் புரட்டினேன். பழைய பதிப்பில் அந்த வரியில் 'இயற்கை எய்தினார்' என்பது 'இயற்கை ஏய்தினார்' என்று அச்சாகியிருந்தது. இப்போது சரியாக இருக்கிறது. நீங்கள் அந்த வரியைப் பார்த்திருக்கிறீர்கள். பேனையால் எழுத்தைத் திருத்தியிருக்கிறீர்கள். இரண்டு சொல் தள்ளி நின்ற 1876ஐப் பார்த்துவிட்டு அப்படியே விட்டிருக்கிறீர்கள்.

மறந்துவிட்டீர்கள் என்று நினைக்க எவ்வளவோ முயன்றேன். முடியவில்லை, அண்ணை. ஒரு குற்றெழுத்துத் தவறினாலும் பிள்ளைகளின் கொப்பியை மேசையில் எறிகிற ஆள் நீங்கள்.

வெளியீடு நேற்று நடந்தது. வாசிகசாலை நிறைய ஆட்கள். எல்லோரும் உங்களைப் புகழ்ந்தார்கள். என் முறை வந்தது. "அண்ணை நல்ல ஆசிரியர். இந்தப் புத்தகத்திலை நாகமணிப் புலவர் இறந்த ஆண்டு பிழை. அது எழுபத்தேழு. தேர்ப்பதிகம் அவரின்ரை பாட்டு. அண்ணைக்கும் அது தெரியும்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. பின்னாலிருந்து ஒருவர், "செத்தவனையும் விடமாட்டியோ?" என்று கத்தினார். மச்சாள் மேடைக்கே வந்து என் கையிலிருந்த புத்தகத்தைப் பறித்தார். "இனி என்ரை வீட்டுப் படி மிதியாதை" என்றார். நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு கோப்பாய்ச் சந்தி வரை நடந்தேன். 

உங்களிடம்தான் கேட்கிறேன்: செத்தவனை விடாதது நானா? ஒரு மனிதனை ஒரு வருடம் முந்திச் சாகடித்து அவன் கடைசிப் பாட்டைப் பிடுங்கியது யார்?

என் ஆய்வை அச்சிடப் போகிறேன். கொப்பித்தாள்தான் கிடைக்குமென்றால் கொப்பித்தாளில். உங்கள் பெயரை மறைக்கமாட்டேன். ஆண்டைப் பிழையாக எழுதியவர் என்றும், அது பிழையென்று அறிந்தும் விட்டவர் என்றும் எழுதுவேன். எனக்கு வாசிக்கப் பழக்கியவர் என்றும் எழுதுவேன், அதுவும் உண்மையாகையால். முதற்பிரதியை இராசம்மாக்காவிடம் கொடுப்பேன். உங்கள் ஆண்டுத் திவசத்துக்கு வருவேன். மச்சாள் உள்ளே விடாவிட்டால் வெளியே ஒழுங்கையில் நின்று கும்பிட்டுவிட்டுப் போவேன். ஆனால் 1876 என்று என் வாயால் ஒருநாளும் சொல்லமாட்டேன்.

கோபம் ஆறாத,
உங்கள் கூடப்பிறந்த ஒரே தங்கச்சி,
பவானி