மடுவக்குறிச்சிக் கோயிலின் இரண்டு கோல்கள்

நன்று உண்டாகுக. வெண்கரை நாடு முழுதுடைய மகுடாதித்த தேவர் திருவாய் மலர்ந்தருளியபடி, அவர் திருப்பணி நாயகம் சேந்தன் நக்கன் எழுதும் ஓலை. குன்றிடை நாட்டை அறம் பிழையாமல் காத்துவரும் கோவலரையர் கண்டு கொள்க. தங்கள் நாட்டு ஏரிகள் நிறைந்திருக்க, கழனிகள் விளைந்திருக்க, தங்கள் மனையும் சுற்றமும் நலத்துடன் இருக்க, வெண்கரைத் திருவாசலிலிருந்து வாழ்த்துகிறோம்.

மடுவக்குறிச்சியில் எழும் சிவன் கோயிலில் பிழை உண்டென்றும், அதைக் கட்டும் பெருந்தச்சர் ஏகவீர ஆசாரி புதிய அரசருக்குக் கேடு நினைத்தே அப்பிழையைச் செய்தார் என்றும் தாங்கள் எழுதினீர்கள். அவர் வலக்கையைத் துணிக்க அரசர் இசைவு கேட்டீர்கள். இசைவு தருவதற்கு முன் நான் சென்று அளக்க வேண்டும் என்று ஆணையானது. சென்றேன், அளந்தேன். கண்டது இது.

தங்கள் முதற் குற்றச்சாட்டு திசை பற்றியது. தை மாதக் காலையில் சூரியன் கோயில் வாசலுக்கு நேரே எழவில்லை, தென்புறமாக எழுகிறான், ஆகவே வாசல் கோணல் என்றீர்கள். சூரியன் நேர்கிழக்கில் எழுவது பகலும் இரவும் சமமாகும் இரண்டு நாட்களில் மட்டுமே. மற்ற நாட்களில் வடக்கே ஒதுங்குவான், அல்லது தெற்கே ஒதுங்குவான். எழும் சூரியனைப் பார்த்து வாசல் வைத்தால் தையில் கட்டிய கோயில் ஒரு பக்கம் பார்க்கும், ஆடியில் கட்டியது வேறு பக்கம் பார்க்கும். ஆகவே ஆகமம் சூரியனைப் பார்க்கச் சொல்வதில்லை, அவன் தரும் நிழலைப் பார்க்கச் சொல்கிறது.

நீர் விட்டு மட்டம் பார்த்த தரையில் ஒரு முளையை நட்டேன். அதை நடுவாக வைத்து வட்டம் போட்டேன். முற்பகலில் நிழல் நுனி மேற்கே வட்டத்தைத் தொட்ட இடத்தில் ஒரு புள்ளி. பிற்பகலில் கிழக்கே தொட்ட இடத்தில் ஒரு புள்ளி. இரண்டையும் இணைத்த நூல் கிழக்கு மேற்கு. இடைப்பட்ட பொழுதில் சூரியன் வடக்கே சற்று நகர்ந்திருப்பதால் அம்மாதத்துக்கு உரிய திருத்தத்தையும் கழித்தேன். அந்த நூலை வாசல் நடுவுக்கு நீட்டினேன். விலகல் இல்லை. திசையில் ஆசாரி குற்றமற்றவர்.

திசைக்கு இத்தனை பாடு எதற்கு என்று தங்கள் கணக்கர் சாத்தன் கேட்டார். கோயில் மனையை ஆகமம் கட்டங்களாக வகுக்கிறது. நடுக்கட்டம் பிரமனுக்கு உரியது. அதைச் சூழத் தேவர், அதற்கு வெளியே மாந்தர், விளிம்பில் பூதகணம். எட்டுத் திசைக்கும் எட்டுக் காவலர் உண்டு. நூல் கோணினால் இந்திரனுக்கு உரிய இடத்தில் அக்கினி நிற்பார், மடைப்பள்ளி நீரின் இடத்துக்குப் போகும். இடம் தானாகவே புனிதம் ஆவதில்லை. எது எங்கே என்ற வரம்பால்தான் ஆகிறது. வரம்பு குலைந்தால் எஞ்சுவது வெறுங்கல்.

இரண்டாம் குற்றச்சாட்டே பெரிது. கோயிலின் சுற்றளவைத் தாங்கள் அளந்தபோது இருபத்தாறு கோல் வந்தது. அதை மூன்றால் பெருக்கி எட்டால் வகுக்க மீதி ஆறு. கட்டடத்தின் பிறப்பு வகையைச் சொல்லும் எட்டு யோனிகளில் ஆறாவது கழுதை. எட்டால் பெருக்கிப் பன்னிரண்டால் வகுக்க, வரவு என்னும் ஆயம் நான்கு. ஒன்பதால் பெருக்கிப் பத்தால் வகுக்க, செலவு என்னும் வியயம் நான்கு. வரவு செலவை மிஞ்ச வேண்டும் என்பது விதி, இங்கே மிஞ்சவில்லை. கணக்கைத் தாங்கள் சரியாகவே போட்டீர்கள். கழுதை யோனியில் எழும் கோயில் நாட்டுக்கு ஆகாது என்பதும் சரியே. பிழை கணக்கில் இல்லை, கோலில் இருந்தது.

விசாரணையில் நடந்ததைச் சொன்னபடியே எழுதுகிறேன். சாத்தன் சபை நடுவே ஆசாரியைப் பார்த்து, “என்ன ஓய், கழுதைக்குக் கோயில் கட்டினீராமே? காதைத் தடவிப் பாரும், நீண்டிருக்கப் போகுது” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கட்டுண்டு நின்ற ஆசாரி, “கழுதை உங்க கோல்மேல ஏறி வந்துச்சு சாமி, என் கல்லுல அது இல்லை” என்றார்.

ஆசாரி அடித்தளம் அளந்த பழைய கோலையும் தாங்கள் அளந்த புதுக்கோலையும் வரவழைத்து அருகருகே வைத்தேன். கோலுக்கு இருபத்துநான்கு விரல். தங்கள் கோல் பழைய கோலைவிட ஏறக்குறைய ஒரு விரல் கூடுதல் நீளம். பழைய கோலால் சுற்றளவை நானே அளந்தேன். பக்கத்துக்கு ஆறே முக்கால் கோல், நாற்புறமும் சேர்ந்து இருபத்தேழு. மூன்றால் பெருக்கி எட்டால் வகுக்க மீதி ஒன்று. அது கொடி யோனி, கிழக்கு நோக்கிய கோயிலுக்கு அதனினும் உயர்ந்தது இல்லை. ஆயம் மீதியின்றி வகுபடுவதால் முழுப் பன்னிரண்டு. வியயம் மூன்று. ஆசாரி வைத்த அடித்தளம் பழுதற்றது.

இரண்டாவது கோல் வந்த வழியை விசாரித்தேன். பழைய கோலை ஊரில் அரசர் கோல் என்று அழைத்தார்கள். அது முன்னிருந்த அரசரின் விரலால் அளந்த கோல் என்று தாங்கள் எண்ணினீர்கள். அவர் மறைந்து புதியவர் முடி சூடியதும், புதிய அரசரின் நடுவிரல் கணுவை நூலால் அளந்து வாங்கி, இருபத்துநான்கு மடங்காக்கிப் புதுக்கோல் செய்வித்தீர்கள். தங்கள் பக்தியில் ஐயமில்லை. ஆனால் ஆகமத்தில் விரல் மூன்று வகை. எட்டு வாற்கோதுமை மணிகளை அகலவாட்டில் அடுக்கினால் வருவது ஒன்று, கோயில் அதனால் அளக்கப்படும். செய்விப்போர் அல்லது ஆசிரியரின் விரல் மற்றொன்று, அது வேள்விக் குண்டத்துக்கும் நெய் வார்க்கும் அகப்பைக்கும். படிமத்தின் உயரத்தைப் பகுத்து வருவது மூன்றாவது, அது அப்படிமத்துக்கே. பழைய கோலின் ஒரு விரல்மேல் மணிகளை அடுக்கினேன், எட்டு மணி சரியாக அடங்கியது. தங்கள் கோலில் எட்டு போக இடம் எஞ்சியது, ஒன்பதாவது மணியோ அதில் அடங்கவில்லை. பழைய கோல் எந்த அரசரின் விரலும் அன்று. மரியாதைக்காக அப்பெயர் பெற்றது.

இனி ஆசாரியின் பிழை. அவருக்கும் பிழை உண்டு. இக்கோயிலின் உயரம் அகலத்தின் இருமடங்கு. அதை எட்டாகப் பகுத்து, அடித்தளத்துக்கு ஒன்று, சுவருக்கு இரண்டு, கூரைவரிக்கு ஒன்று, கழுத்துக்கு ஒன்று, சிகரத்துக்கு இரண்டு, கலசத்துக்கு ஒன்று என்று கொடுக்க வேண்டும். ஒரு பங்கு நாற்பதரை விரல். கூரைவரி வரை பழைய கோலால் எழுந்தது. கழுத்து எழும்போது புதுக்கோல் வந்தது. அவர் அதனாலேயே அளந்து கழுத்தை வைத்தார். எண் அதே நாற்பதரை. கல் ஒன்றரை விரல் கூடிவிட்டது. அதன் பிறகே உளியைக் கீழே வைத்தார்.

ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். “அரசர் விரலைத் தப்புன்னு சொல்ல நாக்கு வரலைங்க. கழுத்து ஏறினப்போ கண்ணு சொல்லிடுச்சு. அப்புறம் கை வரலை” என்றார். இது அச்சம், வஞ்சனை அன்று.

ஒன்றரை விரலைத் தரையில் நின்று யாரும் காணமாட்டார்கள், விட்டுவிடலாமே என்று தங்கள் சபையில் ஒருவர் சொன்னார். காண்பவருக்காக இவ்விதி இல்லை. கோயில் ஓர் உடல். கருவறை அகலத்தில் பாதி முதல் ஐந்தில் மூன்று பங்கு வரை இலிங்கத்தின் நீளம். பீடமும் வாசலும் அதே அளவிலிருந்து வருபவை. எல்லாம் ஒரு விரலில் பிறந்தால் ஒன்றுக்கு ஒன்று உறவு. இரண்டு விரலில் பிறந்தால் ஒரே மனையில் இரண்டு உடல். தெய்வத்தை எதில் எழுந்தருளச் சொல்வது?

தங்கள் தனி ஓலையில் வேறொன்றும் எழுதியிருந்தீர்கள். சென்ற ஆண்டு மறைந்த என் மனைவியின் கற்படிமத்தைத் திருச்சுற்றின் வடகிழக்கு மூலையில் நிறுத்துவதாகவும், தண்டனைக்கு நான் தடை சொல்லாதிருந்தால் நலம் என்றும். அந்த மூலை ஈசானன் இடம். மாந்தர் உருவம் அங்கே நிற்கலாகாது. அவளுக்காக நான் கேட்பது ஒன்றும் இல்லை. இதைப் பற்றி இனி எழுத வேண்டாம்.

இவை அனைத்தையும் தேவர் திருமுன் வைத்தேன். இரண்டு கோல்களையும் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு தம் நடுவிரலை மடக்கிப் பார்த்து, “எனக்குப் பின் என் மகன் விரல், அவனுக்குப் பின் அவன் மகன் விரல். ஒவ்வொரு முடிசூட்டுக்கும் கோயில் வளருமா, நக்கா?” என்று கேட்டார். வளராது என்றேன். “அப்படியானால் என் விரலுக்கு வேறு வேலை கொடு. கோயிலுக்கு வாற்கோதுமை போதும்” என்றார். தாங்கள் விரலளவு கேட்டபோது தாம் மகிழ்ந்து விரல் நீட்டியதையும் மறைக்காமல் எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன்.

ஆகவே ஆணை. இவ்வோலை கண்ட பொழுதே ஏகவீர ஆசாரியைக் கட்டவிழ்க்க. அவர் கைமேல் ஒருவரும் கை வைக்காதிருக்க. கழுத்துக் கல்லை அவரே இறக்கி, கூடியதைச் செதுக்கிக் குறைத்து, நாற்பதரை விரலில் மீண்டும் ஏற்றுக. பிழையென்று தெரிந்தும் வாய் திறவாது கல் வைத்ததற்கு அதுவே அவருக்குத் தண்டம். கழுத்து மீண்டும் ஏறி நான் வந்து அளந்த பின்னரே குடமுழுக்குக்கு நாள் குறிக்க. புதுக்கோலைக் குண்டம் அமைப்போரிடம் கொடுக்க, அதற்குரிய இடம் அதுவே. இனி இந்நாட்டில் முடி எவர் சூடினும் கோயில் கோல் மாறாதிருக்க.

கழுத்தை அளக்கும் நாளில் அளவுநூலின் ஒரு முனையை ஆசாரி பிடிப்பார். மறுமுனையைக் கோவலரையரே தம் கையால் பிடிக்க. ஆசாரி இழுக்கச் சொன்னால் இழுக்க, விடச் சொல்லும் வரை விடாதிருக்க.

தேவர் திருமுத்திரை இட்டது. இது சேந்தன் நக்கன் கையெழுத்து. ஓலை கொண்டு வருபவனிடம் மறுமொழி வேண்டாம். ஆசாரியைக் கட்டிய கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தனுப்புக.